மூட்டை ஒன்பது, வந்தது எட்டு

(கிளப் ஹவுஸில் நடந்த குடியிருப்போர் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே வெளியிடுகிறோம்.)



செயலாளர் என்னிடம், "சார், அந்த பி பிளாக் குழாய் விவகாரத்தில் என்ன நடந்தது என்று நீங்களே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்" என்றார். சொல்ல வேண்டியவனும் நான்தான். ஏனென்றால் அந்தத் தவறைச் செய்தவன் நான். எனக்குக் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. பி.காம். முடித்து பேங்க்கில் கிளார்க்காகக் காலம் தள்ளியவன். ஆனால் இந்தத் தவறு கம்ப்யூட்டர் தெரியாததால் வந்ததல்ல. டேலி பார்க்காததால் வந்தது. அதனால்தான் எனக்கு வெட்கம் கொஞ்சம் அதிகம்.

நடந்ததைச் சொல்கிறேன். கட்டுநர் நம்மிடம் கட்டடத்தை ஒப்படைத்தபோது, ஆவணங்களைப் பெட்டியில் கொடுக்கவில்லை. கூகுள் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன் லிங்க்கை நமக்கு அனுப்பினார்கள். அனுமதி வரைபடம், ஸ்ட்ரக்சுரல் டிராயிங், குழாய் மற்றும் மின் இணைப்பு வரைபடங்கள், லிஃப்ட், ஜெனரேட்டர் வாரண்டி, டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த குழாய்ப் போட்டோக்கள், ஒரு நீளமான வீடியோ எல்லாம் அதில் இருந்தன. பதினைந்து நாளில் லிங்க் மூடப்படும், அதற்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெயிலில் எழுதியிருந்தார்கள்.

ஜூன் 12ஆம் தேதி மதியம் மூன்று மணிக்கு, சங்க அலுவலக லேப்டாப்பில் அந்த ஃபோல்டரைத் திறந்து Download அழுத்தினேன். ஆறு மணிக்குப் பார்த்தபோது எட்டு ஜிப் ஃபைல்களும் வீடியோவும் வந்திருந்தன. 001 முதல் 008 வரை வரிசையாக, நடுவில் இடைவெளி இல்லாமல் இருந்தன. பக்கத்தில் `Unconfirmed 48213.crdownload` என்று புரியாத பெயரில் ஏதோ ஒன்றும் இருந்தது. ஏதோ குப்பை என்று நினைத்து, லேப்டாப்பை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் எட்டையும் பிரித்து ஹார்டு டிஸ்க்கில் போட்டு, "ஆவணங்கள் முழுமையாகப் பெறப்பட்டன" என்று பதில் மெயிலும் அனுப்பினேன்.

ஆகஸ்டில் பி பிளாக் மூன்றாவது மாடியில் சுவரில் ஈரம் கசிந்தது உங்களுக்குத் தெரியும். பிளம்பர் வந்து, "குழாய் எந்தப் பக்கம் போகுது, டிராயிங் இருக்கா?" என்று கேட்டார். ஹார்டு டிஸ்க்கைத் திறந்தால் ஏ பிளாக் இருக்கிறது, சி பிளாக் இருக்கிறது, பி பிளாக் இல்லை. லிங்க் மூடி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கேட்டால், "முழுமையாகப் பெற்றோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்றார்கள். அந்த வீட்டு அம்மா சமையலறையில் இரண்டு இடத்தில் டைல்ஸை உடைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மூன்று வாரம் கடிதம் எழுதி, நேரில் போய்க் கேட்ட பிறகுதான் லிங்க்கைத் திரும்பத் திறந்தார்கள்.

அப்போதுதான் உட்கார்ந்து, இந்த ஜிப் சமாச்சாரம் எப்படி நடக்கிறது என்று கற்றுக்கொண்டேன். என் மகன், மாடி வீட்டுத் தம்பி ஒருவர், இருவரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

முதலில், ஒரே ஃபோல்டரைக் கேட்டால் ஏன் பல துண்டாக வருகிறது?

டிரைவில் இருக்கும் ஃபோல்டர் ஒரு ஃபைல் அல்ல. நூற்றுக்கணக்கான தனித்தனி ஃபைல்களுக்குப் பொதுவாக ஒட்டியிருக்கும் ஒரு லேபிள் மட்டுமே. பிரவுசரில் ஒரு டவுன்லோட் என்றால் ஒரு ஃபைல்தான், ஃபோல்டரை அப்படியே இறக்க முடியாது. அதனால் நாம் Download அழுத்தியதும், அந்தப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் எல்லா ஃபைல்களையும் எடுத்து மூட்டை கட்ட ஆரம்பிக்கிறது. அந்த மூட்டைதான் ஜிப். திரையின் கீழ் மூலையில் ஒரு சிறிய பெட்டி வந்து கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருக்குமே, அப்போது நடப்பது இதுதான். அந்த நேரத்தில் டேபை மூடினால் மூட்டை கட்டும் வேலையே நின்றுவிடும்.

ஃபோல்டர் பெரிதாக இருந்தால் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. சுமார் 2 ஜிபி அளவு வந்ததும் அந்த மூட்டையைக் கட்டி முடித்து, அடுத்ததைத் தொடங்குகிறது. ஜிப் என்ற முறையே பழையது. 1989இல் பில் கட்ஸ் என்பவர் உருவாக்கியது. அந்தக் காலத்துக் கணக்கில் ஒரு ஜிப் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது, அதற்குள் 65,535 ஃபைலுக்கு மேல் இருக்கவும் முடியாது. பிற்பாடு 2001இல் அந்த வரம்பை நீட்டினார்கள். ஆனாலும் சிறு மூட்டைகளில் ஒரு வசதி உண்டு. 20 ஜிபியை ஒரே மூட்டையாக இறக்கி 19ஆவது ஜிபியில் கோட்டைவிட்டால் அத்தனையும் போச்சு. 2 ஜிபி மூட்டை என்றால் போவது அந்த ஒன்று மட்டும்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிலர், "ஒரு மூட்டை இல்லையென்றால் மற்றவையும் திறக்காதே" என்று பயப்படுகிறார்கள். சினிமா டிவிடியைப் பத்து துண்டாக வெட்டி அனுப்புவார்களே, அந்த மாதிரி இது இல்லை. ஒவ்வொரு மூட்டையும் தனியான, முழுமையான ஜிப். 005 இல்லாமலே 006 திறக்கும். இது நல்லதுதான். ஆனால் எனக்கு இதுவே ஆபத்தாகவும் முடிந்தது. ஒன்று குறைந்தாலும் மற்றவை சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். எந்த எச்சரிக்கையும் வராது.

இன்னொன்று, எந்த ஃபைல் எந்த மூட்டையில் போகும் என்பதற்கும் நம் ஃபோல்டர் அமைப்புக்கும் சம்பந்தம் இல்லை. "ஏ பிளாக்குக்கு ஒரு ஜிப், பி பிளாக்குக்கு ஒரு ஜிப்" என்று பிரியாது. ஒரே ஃபோல்டரின் பாதி ஒரு மூட்டையிலும் மீதி இன்னொரு மூட்டையிலும் இருக்கலாம். நமக்கு வராத மூட்டையில் பி பிளாக் குழாய் வரைபடங்கள் முழுவதும் போயிருந்தன. ஜெனரேட்டர் ஃபோல்டரில் 20 ஃபைலில் 9 மட்டும் வந்திருந்தது. ஜெனரேட்டர் என்று ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டதால், அது முழுசாக இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மிகப் பெரிய தனி ஃபைல் ஏதாவது இருந்தால், அது மூட்டைக்குள் போகாமல் தனியாகவே வந்து இறங்கும். நம் வீடியோ 4.4 ஜிபி. அது அப்படித்தான் வந்தது. அந்த மாதிரி ஃபைலின் பெயரோடு ஒரு வரிசை எண் ஒட்டிக்கொண்டு வருவதும் உண்டு. அதனால் ஜிப்களில் ஒரு எண் விட்டுப்போயிருந்தால், அந்த எண்ணோடு தனி ஃபைல் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இப்போது அந்த மூட்டைகளின் பெயரைப் பார்ப்போம். நமக்கு வந்தவை இப்படி இருந்தன:

```
Handover-20250612T093045Z-001.zip
Handover-20250612T093045Z-002.zip
```

முதலில் ஃபோல்டரின் பெயர். பிறகு 2025, 06, 12 என்று தேதி. T-க்குப் பின்னால் இருப்பது நேரம். 09 மணி 30 நிமிடம் 45 விநாடி. நான் அழுத்தியது மதியம் மூன்று மணிக்கு என்றேனே, இது காலை ஒன்பதரை என்று காட்டுகிறதே என்று கேட்பீர்கள். கடைசியில் இருக்கும் Z, இது கிரீன்விச் நேரம் என்று சொல்கிறது. ஐந்தரை மணி நேரம் கூட்டினால் மூன்று மணி வந்துவிடும். கடைசி மூன்று இலக்கம் மூட்டை எண். சில சமயம் அதற்கு முன்னால் இன்னொரு சிறிய எண்ணும் இருக்கும். நமக்கு வேண்டியது கடைசி மூன்று இலக்கம்தான்.

இந்தப் பெயரில் எது இல்லை என்று பாருங்கள். மொத்தம் எத்தனை மூட்டை என்பது இல்லை. "ஒன்பதில் எட்டாவது" என்று எழுதியிருந்தால் எனக்கு அன்றே தெரிந்திருக்கும். வெறும் 008 என்றுதான் இருந்தது. நடுவில் ஒன்று விட்டுப்போனால் எண் வரிசையில் இடைவெளி தெரியும். கடைசி மூட்டை விட்டுப்போனால் வரிசை அழகாக, முழுசாகவே தெரியும். எனக்கு விட்டுப்போனது அந்தக் கடைசி 009.

அந்தக் காலத்தில் பேங்க்கில் கிளியரிங்குக்குச் செக்குகளை அனுப்பும்போது, வெறுமனே ரப்பர் பேண்ட் போட்டு அனுப்ப மாட்டோம். கட்டின் மேல் ஒரு சீட்டு இருக்கும். எத்தனை செக், மொத்தம் எவ்வளவு தொகை என்று அதில் எழுதியிருக்கும். வாங்குகிறவர் எண்ணி, கூட்டி, அந்தச் சீட்டோடு ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இந்த ஜிப் மூட்டைகளோடு அந்தச் சீட்டு வருவதில்லை. அதை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

சரி, பாதியில் ஏன் நின்றுபோகிறது? நான் பார்த்தவரையில் நான்கு காரணங்கள்.

முதல் காரணம், பிரவுசர் கேட்கும் ஒரு கேள்வி. ஒரு தளம் அடுத்தடுத்துப் பல ஃபைல்களை அனுப்பினால் குரோம் சந்தேகப்படும். மேலே இடது பக்கம் ஒரு சிறு பெட்டியில் Download multiple files என்று காட்டி, Allow, Block என்று கேட்கும். நாம் கவனிக்காமல் விட்டாலோ, பயந்து Block அழுத்தினாலோ முதல் மூட்டை மட்டும் வரும், மற்றவை வராது. "எனக்கு ஒரே ஒரு ஜிப்தான் வந்தது, பாதி போட்டோ இல்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். தவறிப்போய் Block அழுத்தியிருந்தால், குரோமின் முகவரிப் பட்டையில் `chrome://settings/content/automaticDownloads` என்று தட்டிப் போய், அங்கே தடுக்கப்பட்ட பட்டியலில் டிரைவ் இருந்தால் எடுத்துவிடலாம்.

இரண்டாவது, இணைப்பு அறுந்துபோவது. நம் கணக்கையே போடுவோம். சங்க அலுவலகத்தில் 50 எம்பிபிஎஸ் இணைப்பு. அதை எட்டால் வகுத்தால், விநாடிக்கு ஆறு எம்பி சொச்சம் இறங்கும். 21 ஜிபிக்கு முழு வேகத்தில் போனாலே ஏறக்குறைய ஒரு மணி நேரம். வைஃபை சிக்னல் சுமாராக இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரம். அவ்வளவு நேரத்தில் ஒரு முறை கரண்ட் போய் ரவுட்டர் அணைந்தாலும் போதும். யாரும் தொடாததால் லேப்டாப் தூங்கப் போனாலும் போதும். என் விஷயத்தில் மூடியை நானே மூடினேன். பிறகு குரோமில் Ctrl+J அழுத்தி டவுன்லோட் பட்டியலைப் பார்த்தபோது, 009க்கு நேராக Failed - Network error என்று இருந்தது. இரண்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. அந்த `.crdownload` என்பதும் குப்பை அல்ல. குரோம் இன்னும் இறக்கி முடிக்காத ஃபைலுக்கு வைக்கும் பெயர் அது. ஃபயர்ஃபாக்ஸில் `.part` என்று இருக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

"நின்ற இடத்திலிருந்து தொடரலாமே, Resume பட்டன் இருக்கிறதே" என்று கேட்கலாம். சாதாரண ஃபைலுக்கு அது நன்றாக வேலை செய்யும். அந்த ஃபைல் அங்கேயே நிரந்தரமாக இருக்கிறது, "இத்தனாவது பைட்டிலிருந்து கொடு" என்று பிரவுசர் கேட்டால் கொடுத்துவிடும். இந்த ஜிப் மூட்டை நமக்காக அந்த நேரத்தில் தற்காலிகமாகக் கட்டியது. அதை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. அறுந்த உடனே Resume அழுத்தினால் சில சமயம் தொடரும். மறுநாள் அழுத்தினால் எதிர்பார்க்க முடியாது. "009 மட்டும் திரும்பக் கொடு" என்று கேட்க டிரைவில் பட்டனும் இல்லை.

அப்போது பலர் செய்வது, முழு ஃபோல்டரையும் திரும்ப இறக்கச் சொல்லி, அதிலிருந்து 009ஐ மட்டும் எடுத்துப் பழைய எட்டோடு சேர்ப்பது. இதைச் செய்யாதீர்கள். இரண்டாம் முறை கட்டும்போது, முதல் முறை பிரித்த மாதிரியே பிரிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. முதல் முறை 009இல் போன ஃபைல் இந்த முறை 004இல் போயிருக்கலாம். பெயரில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். நேரம் வேறு என்றால் அது வேறு கட்டு. இரண்டு கட்டுகளைக் கலந்தால் சில ஃபைல் இரண்டு முறை வரும், சில ஃபைல் வராமலே போகும்.

மூன்றாவது காரணம், இடம் போதாமை. ஜிப் 17 ஜிபி என்றால், பிரித்த பிறகு இன்னொரு 17 ஜிபி வேண்டும். ஜிப் போட்டால் சுருங்குமே என்று நினைக்க வேண்டாம். போட்டோவும் வீடியோவும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, ஜிப்புக்குள் போட்டாலும் அதே எடைதான் இருக்கும். நேரடியாகப் பென் டிரைவில் இறக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பல பென் டிரைவ்கள் FAT32 என்ற பழைய முறையில் இருக்கும். அதில் 4 ஜிபியை எட்டும் எந்த ஃபைலையும் வைக்க முடியாது, பென் டிரைவ் 64 ஜிபியாக இருந்தாலும் சரி. நம் 4.4 ஜிபி வீடியோ அதில் ஏறவே ஏறாது.

நான்காவது, எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்வது. ஆண்டு விழா வீடியோ லிங்க்கைக் குழுவில் போட்டதும் எல்லா வீட்டிலும் ஒரே மாலையில் இறக்கினால், அந்த ஃபைலை நிறையப் பேர் பார்த்துவிட்டார்கள், பிறகு வாருங்கள் என்று டிரைவ் சொல்லிவிடும். இதற்கு நம் பக்கம் செய்ய ஒன்றும் இல்லை. ஒரு நாள் கழித்து முயல வேண்டியதுதான்.

வந்து சேர்ந்த ஜிப் முழுசா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஜிப்பில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் முதல் பக்கத்தில் இருக்காது, கடைசிப் பக்கத்தில் இருக்கும். கட்டிக்கொண்டே போய், கடைசியில்தான் பட்டியல் எழுதப்படும். அதனால் பாதியில் அறுந்த ஜிப்பில் 90 சதவீதம் வந்திருந்தாலும் பட்டியல் இருக்காது. விண்டோஸ் அதைத் திறக்கப் போய், The Compressed (zipped) Folder is invalid என்று சொல்லிவிடும். அந்தச் செய்தி வந்தால் ஃபைலில் வைரஸ் என்றோ, அனுப்பியவர் ஏமாற்றினார் என்றோ நினைக்க வேண்டாம். வால் வரவில்லை, அவ்வளவுதான்.

கொஞ்சம் ஆழமாகச் சோதிக்க 7-Zip என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஜிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து Test archive கொடுத்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலையும் படித்துப் பார்க்கும். ஜிப்புக்குள் ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கும். படித்துக் கணக்கிட்டது அந்த எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் பிழை என்று காட்டும்.

பிரிக்கும்போது நான் செய்த இன்னொரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸில் Extract All கொடுத்தால், அந்த ஜிப் பெயரிலேயே தனி ஃபோல்டர் செய்து அதற்குள் பிரிக்கும். எட்டு ஜிப் என்றால் எட்டு ஃபோல்டர், ஒவ்வொன்றுக்குள்ளும் மறுபடி Handover. ஒரே லிஃப்ட் ஃபோல்டர் மூன்று இடத்தில் துண்டு துண்டாக இருக்கும். எது எங்கே போயிற்று என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதற்குப் பதிலாக, பிரிக்கும் இடத்தைக் கேட்கும்போது எல்லா ஜிப்புக்கும் ஒரே இடத்தைக் கொடுங்கள். `D:\HO` என்று சின்னதாக இருக்கட்டும். ஃபோல்டர்கள் தானாக ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொள்ளும். சின்னதாக என்று ஏன் சொல்கிறேன் என்றால், ஃபைலின் பெயரும் அது இருக்கும் ஃபோல்டர்களின் பெயர்களும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் விண்டோஸ் பிரிக்க முடியாமல் திணறும். கட்டுநர் வைத்திருந்த ஃபோல்டர் பெயர்கள் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியம் மாதிரி நீளம்.

இரண்டாம் முறை லிங்க் திறந்தபோது என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன்.

முதலில் அந்த அலுவலகத்தில் இருந்த பெண்ணிடம் போனில், "அம்மா, உங்கள் கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து Properties பார்த்து, அதில் இருக்கும் எண்களை மட்டும் சொல்லுங்கள்" என்றேன். 1,412 ஃபைல், 21.3 ஜிபி என்று சொன்னார். மெயிலிலும் எழுதி வாங்கிக்கொண்டேன். நம் பழைய ஹார்டு டிஸ்க்கில் அதே Properties பார்த்தேன். 1,263 ஃபைல், 19.8 ஜிபி. 149 ஃபைல், ஒன்றரை ஜிபி குறைந்தது. ஜூன் 13ஆம் தேதி இரண்டு நிமிடம் செலவழித்து இதைப் பார்த்திருந்தால், டைல்ஸ் உடைந்திருக்காது.

பிறகு, முழு ஃபோல்டரையும் ஒரே தடவையில் இறக்கவில்லை. உள்ளே 11 ஃபோல்டர்கள். ஒவ்வொன்றாக உள்ளே போய், ஒவ்வொன்றாக இறக்கினேன். பெரும்பாலானவை 2 ஜிபிக்குள் இருந்ததால் ஒரே ஜிப்பாக வந்தன. போட்டோ ஃபோல்டர் மட்டும் பெரிது. அதற்குள்ளும் போய் ஏ, பி, சி என்று பிளாக் வாரியாக இறக்கினேன். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டுக்கொண்டேன். ஃபோல்டர் பெயர், அவர்கள் சொன்ன எண்ணிக்கை, நமக்கு வந்த எண்ணிக்கை, வித்தியாசம். ஒன்று முடிந்து டேலி ஆன பிறகுதான் அடுத்தது. லேப்டாப் தூங்காமல் இருக்க செட்டிங்ஸில் மாற்றி, சார்ஜரில் போட்டு, வைஃபைக்குப் பதில் கேபிளில் இணைத்துக்கொண்டேன்.

நடுவில் ஒரு முறை கரண்ட் போயிற்று. அப்போது இறங்கிக்கொண்டிருந்த லிஃப்ட் ஃபோல்டர் போச்சு. அது 600 எம்பிதான். அதை மட்டும் முதலிலிருந்து இறக்கினேன். பழைய மாதிரி மொத்தமாகப் போட்டிருந்தால், எது வந்தது, எது வரவில்லை என்று தெரியாமல் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். மாலையில் மொத்தம் கூட்டிப் பார்த்தேன். 1,412. அன்று இரவுதான் நன்றாகத் தூங்கினேன்.

பி பிளாக் டிராயிங்கைப் பிளம்பரிடம் கொடுத்தோம். குழாய் நாங்கள் உடைத்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளிப் போயிருந்தது. அந்த அம்மாவிடம் இந்தக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த டைல்ஸ் செலவைச் சங்கம் ஏற்பதாகக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது.

இனி யாருக்காவது பெரிய ஃபோல்டர் லிங்க் வந்தால், அது கல்யாண போட்டோவாக இருக்கலாம், மருத்துவ ஸ்கேனாக இருக்கலாம், முதலில் அனுப்பியவரிடம் எத்தனை ஃபைல், எவ்வளவு ஜிபி என்று கேட்டு வாங்குங்கள். அந்த எண் வந்த பிறகு இறக்குங்கள். அது ஒத்துப்போன பிறகு "கிடைத்தது" என்று பதில் எழுதுங்கள். லிங்க் மூடும் தேதிக்கு முந்தின நாள் வரை காத்திருக்காதீர்கள். தப்பாகப் போனால் திரும்ப இறக்க நாள் வேண்டும்.

பேச்சு முடிந்ததும் சிலர் கேட்ட கேள்விகளும் பதில்களும்:

"சார், இறக்கவே இறக்காமல் வேறு வழி இல்லையா? என் மகள் கல்யாண ஆல்பம் 80 ஜிபி."

இருக்கிறது மேடம். லேப்டாப்பில் கூகுள் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப் என்ற மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரவுசரில் அந்த ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து Add shortcut மூலம் உங்கள் டிரைவில் ஒரு ஷார்ட்கட் வையுங்கள். அது உங்கள் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவ் மாதிரியே தெரியும். அங்கிருந்து ஹார்டு டிஸ்க்குக்குக் காப்பி செய்யலாம். இதில் ஜிப் கிடையாது, ஃபைல் ஃபைலாக வரும். நடுவில் அறுந்தாலும் வந்த ஃபைல்கள் வந்தவைதான். 80 ஜிபிக்கு அதுதான் சரி. ஷார்ட்கட் வைத்ததோடு நின்றுவிடாதீர்கள். அது வெறும் வழிகாட்டிப் பலகை மாதிரி. போட்டோகிராபர் அழித்தால் உங்களிடமும் இருக்காது.

"எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஜிபி மட்டும் கொஞ்சம் வித்தியாசம் வந்தால்?"

Properties-இல் Size, Size on disk என்று இரண்டு இருக்கும். இரண்டு பக்கமும் Size-ஐ மட்டும் பாருங்கள். ஃபோல்டரில் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் இருந்தால், இறங்கும்போது அவை வேர்ட், எக்ஸெல் ஃபைலாக மாறித்தான் வரும். அதனால் சின்ன வித்தியாசம் வரலாம். ஆனால் ஃபைல் எண்ணிக்கை குறைந்தால், எது என்று கண்டுபிடிக்காமல் விடாதீர்கள். பேங்க்கில் ஒரு ரூபாய் வித்தியாசம் வந்தாலும் அன்று வீட்டுக்குப் போக விட மாட்டார்கள்.

"நீங்கள் இறக்கிய ஆவணங்கள் இப்போது எங்கே இருக்கின்றன?"

சங்க அலுவலகத்தில் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி, பொருளாளர் வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி. இரண்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். 1,412 ஃபைல், 21.3 ஜிபி. அடுத்த கமிட்டி பொறுப்பேற்கும்போது எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.